பிஏ வேலைக்கு ரெஸ்யூமே எழுதுவது எப்படி: டெஸ்டிங், சப்போர்ட் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு

டெஸ்டிங்கிலிருந்து பிசினஸ் அனலிஸ்ட், அதாவது பிஏ, வேலைக்கு மாற நான் முயன்றபோது பல மாதங்கள் அழைப்பே வரவில்லை. வந்த சிலவும் முதல் சுற்றோடு நின்றன. அதன்பிறகு இந்தப் பக்கம் வந்து, ஆள் எடுக்கும் குழுவில் உட்கார்ந்து மற்றவர்களின் ரெஸ்யூமேக்களைப் படிக்கத் தொடங்கியதும் காரணம் தெளிவாகத் தெரிந்தது. பத்தில் எட்டுப் பேருடையதில் ஒரே வரிகள்தான். தேவைகளைச் சேகரித்தேன், ஸ்டேக்ஹோல்டர்களுடன் ஒருங்கிணைந்து பணியாற்றினேன், புராசஸ் மேப் தயாரித்தேன். இதை வைத்து இவர் உண்மையில் என்ன செய்தார் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்னை, கோவை, பெங்களூரு கம்பெனிகளுக்கு இரண்டு முதல் ஏழு வருட அனுபவத்தோடு விண்ணப்பிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ரெஸ்யூமேயை ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறீர்கள். வரியில் என்ன இருக்க வேண்டும் என்பது புரிவதற்காக மாதிரி வரிகளின் பொருளை இங்கே தமிழில் தருகிறேன். அப்படியே காப்பி அடிக்க முடியாது என்பதும் ஒருவிதத்தில் நல்லதுதான்.

எல்லாப் படிகளுக்கும் ஒரே எடுத்துக்காட்டு: ஒரு நிதி நிறுவனம் டூவீலர் ஷோரூம்களில் கொடுக்கும் வண்டிக் கடன். ஷோரூமில் இருக்கும் எக்ஸிக்யூட்டிவ் மொபைல் ஆப்பில் விண்ணப்பத்தை நிரப்பி, பான், ஆதார், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் படம் எடுத்து ஏற்றுவார். கிரெடிட் குழு பார்த்து ஒப்புதல் தரும் அல்லது கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பும். ஆபரேஷன்ஸ் குழு பணத்தை டீலருக்கு அனுப்பும். திரும்பி வரும் ஃபைல்கள் அதிகமாக இருக்கின்றன என்பதுதான் பிரச்சினை. இதில் வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை.

## 1. ரெஸ்யூமேயைத் திறக்கும் முன் ஓர் எக்செல் ஷீட்

முதலில் ஓர் எக்செல் ஷீட்டில் நீங்கள் வேலை செய்த ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு வரிசை போடுங்கள். பத்திகள் இவ்வளவு போதும்: பிரச்சினை என்ன, யார் யாரிடம் பேசினேன், எந்த வழியில் தகவல் எடுத்தேன், என் கையால் உருவான ஆவணம் எது, அதற்கு யார் சைன்-ஆஃப் கொடுத்தார்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது.

நான்காவது பத்தி காலியாக இருந்தால் அந்த வேலை ரெஸ்யூமேயில் பெரிய வரியாக வரக்கூடாது. கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன், மெயிலில் சிசியில் இருந்தேன் என்பதெல்லாம் அனுபவம்தான். ஆனால் நேர்காணலில் "அந்த ஆவணத்தில் என்னென்ன பகுதிகள் இருந்தன?" என்று கேட்டால் நின்றுவிடும்.

இதை நிதானமாகச் செய்தால் ஒரு வார இறுதி போய்விடும். வேலையை விடுவதற்கு முன்பே செய்யுங்கள். கடைசி நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்த பிறகு, மாதத்துக்கு எத்தனை ஃபைல் வந்தது, எத்தனை பேர் வொர்க்‌ஷாப்பில் இருந்தார்கள் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

அதே சமயம் கம்பெனியின் தேவை ஆவணமான பிஆர்டி, வரைபடம், ரிப்போர்ட் எதையும் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். பென் டிரைவிலும் ஏற்றாதீர்கள். கண்காணிப்பு மென்பொருள் பெரும்பாலான இடங்களில் இருக்கிறது. நோட்டீஸ் காலத்தில் அது இன்னும் கூர்மையாகப் பார்க்கும். நீங்கள் செய்த வேலையின் விவரத்தை உங்கள் சொந்த வார்த்தையில் குறித்துக்கொள்வது போதும். கிளையன்ட் பெயரை வெளியில் சொல்ல அனுமதி இல்லையென்றால் "தென்னிந்தியாவில் இயங்கும் ஒரு வாகனக் கடன் நிறுவனம்" என்று எழுதினால் சரி. அதைக் குறையாக யாரும் பார்ப்பதில்லை.

## 2. பதவிப் பெயர்: இங்கே வழுக்கினால் ஆஃபரே போகும்

நியமனக் கடிதத்தில் "சீனியர் டெஸ்ட் இன்ஜினியர்" என்று இருக்கும். மூன்று வருடமாகச் செய்வது பிஏ வேலையாக இருக்கும். பலர் ரெஸ்யூமேயில் நேராக "பிசினஸ் அனலிஸ்ட்" என்று போட்டுவிடுகிறார்கள். ஆஃபர் வந்த பிறகு நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில் பழைய கம்பெனியின் எச்ஆரிடம் பதவிப் பெயரையும் கேட்பார்கள். அங்கே வேறு பெயர் வந்தால் அறிக்கையில் முரண்பாடு என்று பதிவாகும். அப்புறம் விளக்கம் கொடுத்துக்கொண்டு திரிய வேண்டும்.

அதிகாரப்பூர்வப் பெயரை முதலில் எழுதி, அதன் பக்கத்தில் செய்த பொறுப்பைப் போடுங்கள்: "சீனியர் டெஸ்ட் இன்ஜினியர், கடன் புராஜெக்டில் பிஏ பொறுப்பு, ஜூன் 2022 முதல்". ரெஸ்யூமேயின் உச்சியில் இருக்கும் சுருக்கத்தில் "நிதித்துறை பிசினஸ் அனலிஸ்ட்" என்று எழுதுவதில் தவறில்லை. அது உங்களைப் பற்றிய விவரிப்பு, கம்பெனி கொடுத்த பதவி அல்ல.

அந்தச் சுருக்கம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். எந்தத் துறை, எத்தனை வருடம், எந்த வகை வேலை, எவ்வளவு பெரிய குழு, அவ்வளவுதான். "கடின உழைப்பாளி", "குழுவோடு இணைந்து செயல்படுபவர்" எல்லாவற்றையும் தாராளமாக நீக்கிவிடலாம்.

## 3. தேவைகளைச் சேகரித்த வரி

"தேவைகளைச் சேகரித்தேன்" என்று எழுதும்போது மூன்று விஷயங்கள் விட்டுப்போகின்றன. எங்கிருந்து எடுத்தீர்கள், எப்படி எடுத்தீர்கள், கடைசியில் அது என்ன ஆனது.

நம் எடுத்துக்காட்டில் பிஏ என்ன செய்திருப்பார் என்று பாருங்கள். முதலில் போன மாதம் திரும்பி வந்த ஃபைல்களின் பட்டியலைக் கிரெடிட் குழுவிடம் கேட்டு வாங்கியிருப்பார். 400 விண்ணப்பங்களில் 132 திரும்பியிருக்கின்றன, அதாவது 33 சதவீதம். காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் முகவரிப் பிரச்சினை: அடையாள ஆவணத்தில் ஊர் முகவரி, ஆள் இருப்பது வாடகை வீட்டில். அதற்குப் பிறகு ஒரு நாள் ஷோரூமில் உட்கார்ந்து எக்ஸிக்யூட்டிவ் எப்படி ஆப்பை நிரப்புகிறார் என்று பார்த்திருப்பார். சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில், வாடிக்கையாளர் அவசரப்படும்போது, அந்த ஆள் தற்போதைய முகவரிக் கட்டத்தில் ஆதார் முகவரியையே மறுபடி போட்டுவிடுகிறார் என்பது தெரிந்திருக்கும். நேர்காணல் அறையில் அவரிடம் கேட்டிருந்தால் "எல்லாம் சரியாகத்தான் சார் போடுகிறோம்" என்றுதான் சொல்லியிருப்பார்.

இதை அடுத்து கம்ப்ளயன்ஸ் ஆளிடம் போனால் ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதி வரும். கொடுக்கும் அடையாள ஆவணத்தில் தற்போதைய முகவரி இல்லையென்றால், இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகாத மின்சாரம், தொலைபேசி, தண்ணீர் ரசீது போன்றவற்றை முகவரிக்கு மட்டும் ஏற்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள ஆவணத்தை வாடிக்கையாளர் தர வேண்டும். இந்த ஒரு விதியிலிருந்து மூன்று தேவைகள் பிறக்கின்றன: ஆப் ரசீதைக் கேட்க வேண்டும், ரசீதின் தேதியைச் சரிபார்க்க வேண்டும், மூன்று மாதக் கெடுவை நினைவூட்ட வேண்டும். கடைசித் தேவையை யாருமே கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது பிஏவின் வேலை, ரெஸ்யூமேயில் வர வேண்டியதும் அதுதான்.

இப்போது வரி இப்படி ஆகும்:

> வண்டிக் கடன் விண்ணப்பங்கள் திரும்பி வருவதன் காரணத்தை அறிய ஒரு மாதத்து ரிப்போர்ட்டைப் பகுத்து, ஷோரூமில் நேரில் கவனித்து, கிரெடிட், ஆபரேஷன்ஸ், கம்ப்ளயன்ஸ் குழுக்களில் ஆறு பேரை நேர்கண்டேன். முகவரிச் சான்று தொடர்பான விதிகளை 14 யூசர் ஸ்டோரிகளாக எழுதி, ஏற்பு நிபந்தனைகளோடு ஜிராவில் பதிந்தேன்.

இந்த வரியில் பகுப்பாய்வு, நேரடிக் கவனிப்பு, நேர்காணல் ஆகிய மூன்று முறைகளும் தெரிகின்றன. ஆனால் ஒன்றைக்கூடப் பட்டியலாகப் போடவில்லை. "எலிசிட்டேஷன் முறைகள்: இன்டர்வியூ, சர்வே, பிரெயின்ஸ்டார்மிங், அப்சர்வேஷன்" என்று ஒரு தனி வரி எழுதுபவர்களிடம் நேர்காணலில் எல்லாரும் கேட்கும் கேள்வி: "சர்வே எதற்குச் செய்தீர்கள்? எத்தனை பேர் பதில் சொன்னார்கள்?" பெரும்பாலும் பதில் இருக்காது.

ஏற்பு நிபந்தனை என்று எழுதினால் ஒன்றைச் சொல்லத் தயாராக இருங்கள். நம் கதையில் அது இப்படி இருக்கும்: தற்போதைய முகவரி அடையாள ஆவணத்தில் உள்ளதிலிருந்து வேறாக இருந்து, ரசீதின் தேதி இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாகவும் இருந்தால், ஆப் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்க விடக்கூடாது, காரணத்தையும் காட்ட வேண்டும். டெஸ்டிங்கிலிருந்து வருபவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சாதகம் உண்டு. எல்லை நிலைகள் உங்களுக்குத் தானாக வரும். சரியாக இரண்டு மாதமான ரசீது என்ன ஆகும் என்று நீங்கள்தான் முதலில் கேட்பீர்கள். அதை மறைக்காதீர்கள்.

## 4. வொர்க்‌ஷாப் வரி

இதில்தான் மிகையாக எழுதுவது அதிகம். "பல வொர்க்‌ஷாப்களை நடத்தினேன்" என்று எழுதியவரிடம் கேட்டால், சீனியர் பிஏ நடத்தியிருப்பார், இவர் குறிப்பு எடுத்திருப்பார். குறிப்பு எடுப்பதும் முக்கியமான வேலைதான், அதை அப்படியே எழுதலாம்: "நான்கு வொர்க்‌ஷாப்களில் குறிப்பாளராக இருந்து, முடிவுப் பதிவேட்டையும் தீராத கேள்விகளின் பட்டியலையும் மறுநாளே அனுப்பினேன்." நடத்தினேன் என்று எழுதினால் அஜெண்டா யார் போட்டது, யாரைக் கூப்பிடவில்லை, ஏன், சண்டை எங்கே வந்தது என்று வரிசையாகக் கேள்வி வரும்.

வொர்க்‌ஷாப்பின் மதிப்பு அங்கே தீர்ந்த சண்டையில் இருக்கிறது. எல்லாரும் ஒத்துப்போன கூட்டம் என்றால் மெயிலிலேயே முடித்திருக்கலாம். நம் எடுத்துக்காட்டில் விற்பனைப் பிரிவு "ரசீது கேட்டால் வாடிக்கையாளர் பக்கத்து கவுன்டருக்குப் போய்விடுவார், கேட்கவே வேண்டாம்" என்கிறது. கம்ப்ளயன்ஸ் "விதி விதிதான்" என்கிறது. கிரெடிட் குழுவுக்கு எப்படியானாலும் முழு ஃபைல் வந்தால் போதும். இரண்டு மணி நேரத்தில் இந்த மூன்று பேரையும் ஒரு முடிவுக்குக் கொண்டுவர பிஏ என்ன செய்தார்? திரும்பிய 132 ஃபைல்களையும் காரண வாரியாக முந்தைய நாளே எல்லாருக்கும் அனுப்பினார். கூட்டத்தில் "ரசீது வேண்டுமா வேண்டாமா" என்ற கேள்வியையே எடுக்கவில்லை, அது விவாதத்துக்கு உரியதல்ல. "எந்தக் கட்டத்தில் கேட்டால் விற்பனை கெடாது" என்பதை மட்டும் எடுத்தார். முடிவு: வண்டியைத் தேர்வு செய்யும் முன்பே, முகவரியை நிரப்பும்போதே ஆப் ரசீதைக் கேட்கும். வாடிக்கையாளர் வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் படத்தை வரவழைக்க நேரம் இருக்கும்.

வரி:

> விற்பனை, கிரெடிட், ஆபரேஷன்ஸ், கம்ப்ளயன்ஸ் பிரிவுகளிலிருந்து ஒன்பது பேர் கலந்துகொண்ட இரண்டு வொர்க்‌ஷாப்களைத் திட்டமிட்டு நடத்தினேன். முகவரிச் சான்றை எப்போது கேட்பது என்பதில் விற்பனைக்கும் கம்ப்ளயன்ஸுக்கும் இருந்த கருத்து வேறுபாட்டைத் தீர்த்து, 11 முடிவுகளைப் பொறுப்பாளர் பெயரோடு கான்ஃப்ளூயன்ஸில் பதிந்தேன்.

எத்தனை பேர், எந்தப் பிரிவுகள், எந்த முடிவு. இந்த மூன்றும் இருந்தால் வரி நிற்கும். ஆன்லைனில் நடத்தியிருந்தால் அதைச் சொல்லுங்கள். டீம்ஸ் அழைப்பில் ஒன்பது பேரைப் பேச வைப்பது அறையில் பேச வைப்பதைவிடக் கடினம் என்று கேட்பவருக்கே தெரியும்.

முன்னுரிமைப் பட்டியலை, தேவைகளைக் கட்டாயத்திலிருந்து "இந்த முறை இல்லை" வரை நான்காகப் பிரிக்கும் மாஸ்கோ முறையில் போட்டோம் என்று எழுதினால், எது "இந்த முறை இல்லை" பகுதிக்குப் போனது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லாத் தேவைகளும் "கட்டாயம்" பகுதியில் இருந்தால் முன்னுரிமையே நடக்கவில்லை என்று அர்த்தம்.

## 5. புராசஸ் மேப் வரி

"ஆஸ்-இஸ், டு-பி புராசஸ் மேப்கள் தயாரித்தேன்" என்ற வரி எல்லாருடைய ரெஸ்யூமேயிலும் இருக்கிறது. ஆஸ்-இஸ் என்பது வேலை இப்போது நடக்கும் விதம், டு-பி என்பது இனி நடக்க வேண்டிய விதம். மேப் எதைக் காட்டிக்கொடுத்தது என்பது யாருடையதிலும் இல்லை.

ஆஸ்-இஸ் மேப்பில் ஷோரூம், கிரெடிட், ஆபரேஷன்ஸ் என்று மூன்று லேன்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு செயலுக்கும் இரண்டு நேரங்களைக் குறிக்க வேண்டும்: கை வைத்து வேலை செய்யும் நேரம், ஃபைல் சும்மா கிடக்கும் நேரம். கிரெடிட் ஆபீசர் ஒரு ஃபைலைப் பார்க்க 15 நிமிடம்தான் ஆகிறது. ஆனால் அவர் கேள்வி கேட்டு அனுப்பிய ஃபைல் ஷோரூமிலிருந்து திரும்பி வர ஒன்றரை நாள் ஆகிறது. மேப் வரையும் முன் நிர்வாகம் என்ன நினைத்துக்கொண்டிருந்தது? "கிரெடிட் டீம் ஸ்லோ, இன்னும் இரண்டு ஆள் போடலாம்." மேப் வரைந்த பிறகு, ஆள் போட்டாலும் ஒன்றும் மாறாது, அந்தத் திரும்பும் அம்புக்குறியைத்தான் குறைக்க வேண்டும் என்று தெரிகிறது. இதுதான் வரியில் வர வேண்டும்:

> கடன் விண்ணப்பத்தின் ஆஸ்-இஸ் ஓட்டத்தை மூன்று லேன்களில் விசியோவில் வரைந்து, காத்திருப்பு நேரத்தைத் தனியாகக் குறித்தேன். தாமதம் கிரெடிட் பரிசீலனையில் இல்லை, ஷோரூமுக்குத் திரும்பும் கேள்விகளில்தான் என்பதைக் காட்டினேன். டு-பி ஓட்டத்தில் சரிபார்ப்பை ஷோரூம் கட்டத்துக்கே நகர்த்தினேன். திரும்பும் விகிதம் 33 சதவீதத்திலிருந்து 17 சதவீதமானது (வெளியீட்டுக்குப் பின் முதல் மாதம், 410 விண்ணப்பங்கள்).

கடைசி அடைப்புக்குறியைக் கவனியுங்கள். எந்தக் காலம், எத்தனை விண்ணப்பங்கள் என்று சொல்லியிருப்பதால் எண் நம்பும்படி இருக்கிறது. இதையே "செயல்திறனை 50 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதினால் படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போவார். முன், பின் இரண்டு எண்களும் இல்லையென்றால் சதவீதமே போடாதீர்கள். அளவீடு இல்லாத புராஜெக்ட் நிறைய உண்டு. அப்போது "டு-பி ஓட்டத்துக்குக் கிரெடிட் தலைவரின் சைன்-ஆஃப் கிடைத்து அந்த ரிலீஸில் வெளியானது" என்று முடித்தால் போதும். அந்த மாதத்தில் ஷோரூம் ஆட்களுக்குப் பயிற்சியும் நடந்திருந்தால், நேர்காணலில் அதை நீங்களே சொல்லிவிடுங்கள். எண் முழுக்க உங்களால் வந்தது என்று அடம்பிடிப்பவரைவிட அப்படிச் சொல்பவரைத்தான் நான் எடுப்பேன்.

பிபிஎம்என் என்ற சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது புராசஸ் மேப் வரைவதற்கான தரப்படுத்திய குறியீட்டு முறை. சதுரம், வைரம், அம்புக்குறி போட்டு வரைந்ததெல்லாம் பிபிஎம்என் ஆகாது. அது ஃப்ளோசார்ட், லேன் பிரித்திருந்தால் ஸ்விம்லேன். பிபிஎம்என் 2.0 என்று எழுதியிருந்தால் ஒயிட்போர்டில் வரையச் சொல்வார்கள். குறைந்தபட்சம் இரண்டு விஷயங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, பூலுக்கும் லேனுக்கும் உள்ள வேறுபாடு: ஒரே நிறுவனத்தின் பிரிவுகள் ஒரு பூலுக்குள் லேன்களாக இருக்கும், வாடிக்கையாளர் தனிப் பூல். ஒரு பூலிலிருந்து இன்னொன்றுக்குப் போவது கோடிட்ட மெசேஜ் ஃப்ளோதான், முழுக்கோடான சீக்குவன்ஸ் ஃப்ளோ பூலைத் தாண்டக்கூடாது. இரண்டு, கேட்வே: பெருக்கல் குறி போட்ட வைரத்தில் ஏதாவது ஒரு வழிதான் போகும், கூட்டல் குறி போட்டதில் எல்லா வழிகளும் ஒன்றாகக் கிளம்பி, சேரும் இடத்தில் எல்லாம் வரும்வரை காத்திருக்கும். இது கைவசம் இல்லையென்றால் "ஸ்விம்லேன் வரைபடம்" என்றே எழுதுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை, பெரும்பாலான கம்பெனிகளில் நிஜமாக ஓடுவது அதுதான்.

## 6. டூல்களை எங்கே வைப்பது

மேலே உள்ள மூன்று வரிகளிலும் ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ், விசியோ செய்த வேலைக்குள்ளேயே வந்துவிட்டன. அதுவே சரியான இடம். இருந்தாலும் கீழே ஒரு தனிப் பட்டியல் வேண்டும். ஏனென்றால் முதலில் தேடுவது ரெக்ரூட்டர், அவர் தேடல் பெட்டியில் டூலின் பெயரைத் தட்டித்தான் உங்களைக் கண்டுபிடிக்கிறார். பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் மேலே அனுபவப் பகுதியில் ஒரு முறையாவது வந்திருக்க வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்ட விதி. வராத டூலை எடுத்துவிடுவேன்.

அல்லது, எவ்வளவு தெரியும் என்பதைப் பிரித்துக் காட்டுங்கள். "வேலையில் பயன்படுத்தியவை" ஒரு வரி, "சொந்தமாகப் பழகியவை" இன்னொரு வரி. ஐந்து நட்சத்திரத்தில் நான்கு, எண்பது சதவீதப் பட்டை மாதிரியான அலங்காரங்களால் ஒரு பயனும் இல்லை.

எக்செல்லைச் சாதாரணமாக நினைத்து விட்டுவிடாதீர்கள். தேவைக்கும் டெஸ்ட் கேஸுக்கும் தொடர்பு காட்டும் ஆர்டிஎம் தாள் இன்னும் பல புராஜெக்டுகளில் எக்செல்லில்தான் இருக்கிறது. டெஸ்டிங்கில் நீங்கள் அதன் வலது பக்கப் பத்தியை நிரப்பியிருப்பீர்கள், பிஏ இடது பக்கத்தை நிரப்புகிறார். "122 தேவைகளுக்கு ஆர்டிஎம் பராமரித்து, யுஏடிக்கு முன் டெஸ்ட் கேஸ் இல்லாத ஏழு தேவைகளைக் கண்டுபிடித்தேன்" என்ற வரி இந்த மாற்றத்துக்கு நல்ல பாலம். எஸ்கியூஎல் தெரிந்தால், எதைத் தேடி எழுதினீர்கள் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

## 7. ஃபைலின் வடிவம்

ஐந்து வருடத்துக்குள் என்றால் ஒரு பக்கம், அதற்கு மேல் இரண்டு. ஒரே பத்தி அமைப்பு. டெம்ப்ளேட் தளங்களில் கிடைக்கும் இரண்டு பத்தி வடிவம் கண்ணுக்கு அழகு, ஆனால் நிறுவனங்கள் வைத்திருக்கும் மென்பொருள் இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் கலந்து படித்துவிடும் வாய்ப்பு உண்டு. தொலைபேசி எண்ணை வேர்டின் ஹெடர் பகுதியில் போடாதீர்கள், சில மென்பொருள்கள் அதைப் படிப்பதில்லை. உங்கள் புராசஸ் மேப்பைப் படமாக ரெஸ்யூமேக்குள் ஒட்டவும் வேண்டாம்.

சோதிக்க எளிய வழி: பிடிஎஃபைத் திறந்து எல்லாவற்றையும் தேர்வு செய்து காப்பி எடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலையாமல், எழுத்து உடையாமல் வந்தால் சரி. ஒன்றுமே ஒட்டவில்லையென்றால் அது படமாகச் சேமித்த பிடிஎஃப், மறுபடி எடுங்கள். ஃபைலின் பெயர் `resume_final_new2.pdf` என்று இருக்க வேண்டாம். உங்கள் பெயர், பிஏ, வருடம் இருந்தால் ரெக்ரூட்டர் தன் ஃபோல்டரில் தேடிக் கண்டுபிடிப்பார்.

## 8. காட்ட ஒரு மாதிரி வேலை, அதற்கான செலவு

கம்பெனி ஆவணத்தைக் காட்டக்கூடாது என்றால் என்ன காட்டுவது? பொதுவில் தெரிந்த ஒரு நடைமுறையை எடுத்து நீங்களே செய்யுங்கள். வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்வது, அபார்ட்மென்ட் சங்கத்தில் தண்ணீர் லாரிக்குச் சொல்வது, எது வேண்டுமானாலும். இரண்டு பக்கத்தில் பிரச்சினை, ஒரு ஆஸ்-இஸ் மேப், ஒரு டு-பி மேப், ஐந்து யூசர் ஸ்டோரி. இதற்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். ரெஸ்யூமேயில் அதை "சொந்த முயற்சி" என்று தலைப்பிட்டு லிங்க் கொடுங்கள். வேலை அனுபவத்துக்குள் நுழைக்காதீர்கள்.

செலவு பூஜ்யம். டிரா.ஐஓ இலவசம். பிசாகி மாடலரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், பிபிஎம்என் பழக அதுவே நல்லது, விதி மீறினால் காட்டிக்கொடுக்கும். ஜிராவும் கான்ஃப்ளூயன்ஸும் பத்துப் பேர் வரை உள்ள குழுவுக்கு இலவசம், தனியாளாகத் தாராளமாகப் பழகலாம்.

சான்றிதழைப் பொறுத்தவரை, ஐஐபிஏ அமைப்பின் மூன்று படிகளில் இசிபிஏ தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை. சிசிபிஏவுக்குக் கடைசி ஏழு வருடத்தில் 3,750 மணி நேர பிஏ வேலையும், சிபிஏபிக்குக் கடைசி பத்து வருடத்தில் 7,500 மணி நேரமும் காட்ட வேண்டும். பதவிப் பெயர் எதுவாக இருந்தாலும் செய்த வேலையைத்தான் கணக்கில் எடுப்பார்கள், ஆகவே முதல் படியில் போட்ட எக்செல் ஷீட் இங்கேயும் உதவும். கட்டணம் டாலரில், உறுப்பினருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. கட்டும் நாளில் அவர்கள் தளத்தில் பாருங்கள். வேலை மாறுவதற்கு மட்டும் என்றால் இசிபிஏவுக்குச் செலவு செய்வதைவிட ரெஸ்யூமேயின் மூன்று வரிகளுக்கு உழைப்பதே மேல் என்பது என் அபிப்பிராயம். ஏற்கெனவே அனுபவம் உள்ளவர்களுக்கு சிசிபிஏ சில இடங்களில் கதவைத் திறக்கிறது.

காசு வாங்கிக்கொண்டு ரெஸ்யூமே எழுதித் தருபவர்கள் உங்கள் ஆங்கிலத்தைச் சரிசெய்வார்கள். உங்கள் வொர்க்‌ஷாப்பில் என்ன சண்டை நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. "இன்டர்வியூ உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும்" என்று அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

## 9. அனுப்புவதும் அடுத்து கேட்கும் ஆவணங்களும்

ஒரே ரெஸ்யூமேயை எல்லாருக்கும் அனுப்ப வேண்டாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் புதிதாக எழுதவும் வேண்டாம். வேலை விளம்பரம் "யூசர் ஸ்டோரி, பேக்லாக்" என்று பேசினால் ஜிரா வரி முதலில் வரட்டும். "பிஆர்டி, சைன்-ஆஃப்" என்று பேசினால் வொர்க்‌ஷாப் வரியும் ஆவண வரியும் மேலே போகட்டும். வரிசையை மாற்றுவது கால் மணி நேர வேலை. நௌக்ரியில் உள்ள விவரமும் பிடிஎஃபில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும், முக்கியமாகத் தேதிகளும் நோட்டீஸ் காலமும். 90 நாள் நோட்டீஸ் என்றால் 90 என்றே போடுங்கள், 30 என்று போட்டு அழைப்பு வாங்கி யாருக்கும் லாபமில்லை.

முதல் அழைப்பு வருவதற்குள் ஒரு ஃபோல்டரில் இவை இருக்கட்டும்: எல்லாக் கம்பெனிகளின் நியமனக் கடிதமும் ரிலீவிங் கடிதமும், கடைசி மூன்று மாத சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பட்டச் சான்றிதழ்கள். பழைய கம்பெனியில் ரிலீவிங் கடிதம் வாங்காமல் விட்டிருந்தால் இப்போதே கேளுங்கள். எச்ஆர் மாறி, மெயில் முகவரி மாறி, பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அப்படியே இபிஎஃப்ஓ தளத்தில் யுஏஎன் போட்டு உள்ளே போய் சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்கள். சேர்ந்த தேதியும் வெளியேறிய தேதியும் ரெஸ்யூமேயில் உள்ளதோடு ஒத்துப்போகின்றனவா, பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தேதி காலியாக இருந்தால் இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்வதுபோல் தெரியும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் அந்தத் தளத்திலேயே, ஆதாரோடு இணைந்த மொபைலுக்கு வரும் ஓடிபியை வைத்து, நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.